போடப் போட விட்டுக்கொடுக்கும்

அந்தச் செருப்புக் கடையில் அவளுக்குக் கண்ணளவு அக்கா என்று பெயர். வாசலில் நுழைகிறவரின் காலை ஒரு பார்வை பார்த்தால் போதும், நம்பரைச் சொல்லிவிடுவாள். "அஞ்சு, அகலப் பாதம்." "ஏழு, இடது கால் கொஞ்சம் பெருசு." அளவுப் பலகையை வைத்துப் பார்த்தால் அச்சு அசலாக அதுவே இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கண் தப்பியது அபூர்வம். அப்படிப்பட்டவள் தன் காலுக்கு மட்டும் பொய்க் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் பிரிவில் நிற்கும் எல்லோரும் கடைச் சரக்கையே போட வேண்டும் என்பது மேனேஜரின் சட்டம். முனை கூர்மையான, இரண்டு அங்குலக் குதிகால் வைத்த கறுப்பு ஷூ. முதல் நாள் சேர்ந்தபோது "உங்க சைஸ் என்ன?" என்று கேட்டார்கள். வாய் தானாக "அஞ்சு" என்றது. பதினான்கு வயதிலேயே ஆறைத் தாண்டிவிட்ட கால் அது. அவள் நடந்து வந்தால் அண்ணன் "வழி விடுங்க, படகு வருது" என்பான். வீடே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த தடவை செருப்பு வாங்கும்போது ஒரு நம்பர் குறைத்துச் சொல்வாள். அப்படிச் சொன்னது பழக்கமாகிப்போனது. அந்தப் பொய்யைக் கடைசியில் கால்தான் சுமந்தது.

முதலில் இரண்டாவது விரல் நடுக்கணுவில் மேலே எழும்பியது. நுனி கீழே மடங்கியது. நீட்டிப் படுக்க இடமில்லாத விரல் முட்டி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. எழும்பிய கணு ஷூவின் மேல்தோலில் நாள் பூராவும் உரசி, மேலே கடினமான கால் ஆணி விழுந்தது. பிறகு மறுகாலிலும். பிறகு சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், எப்போதும் ஈரமாகவே இருந்து எரியும் ஒரு வெள்ளை ஆணி. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு சவரக் கத்தி பிளேடால் செதுக்குவாள். மருந்துக் கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டரை ஒட்டுவாள். இரண்டு வாரம் குறைந்த மாதிரி இருக்கும். பழையபடி முளைத்துவிடும்.

இது யாருக்கும் தெரியாது. பஸ் ஓட்டுகிற புருஷனுக்கும் தெரியாது. வீட்டில் எந்நேரமும் காலுறை. "எனக்குக் கால் சில்லுன்னு ஆயிடும்" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். அவர் அதை நம்பினார், அல்லது நம்பியதாக அவள் நம்பினாள்.

ஒருநாள் ஒரு தையல்காரம்மா கடைக்கு வந்தார். மகன் கல்யாணத்துக்கு ஷூ வேண்டும் என்றார். அறுபதைத் தொட்ட வயது, தெளிவான பேச்சு, விரல்நுனிகளில் ஊசி குத்திக் காய்த்த தடம். "வாழ்க்கையில ஒரு தடவை நல்லதாப் போட்டுக்கறேன்மா" என்று பாசிமணி கோத்த ஒரு கூர்முனை ஷூவைக் கையில் எடுத்தார்.

கண்ணளவு அக்கா அந்தக் காலைப் பார்த்தாள். வலது காலின் இரண்டாவது விரல் மேலே எழும்பி இருந்தது. கணுவின் மேல் பட்டாணி அளவுக்கு ஒரு தடிப்பு. தன் விரலையே பார்ப்பது போல இருந்தது. இந்த ஷூ ஆகவே ஆகாது என்று பார்த்த உடனே தெரிந்தது. ஷூவைப் போட்டதும் பாசிமணிக்கு நடுவே ஷூவின் தோல் புடைத்துக்கொண்டு நின்றது.

"வலி ஒண்ணும் தெரியல" என்றார் தையல்காரம்மா, குனிந்து பார்த்தபடி. "ஆனா இங்க துருத்திக்கிட்டு இருக்கே. உனக்கு எப்படிம்மா? நாள் பூரா இந்த மாதிரிதானே போட்டுக்கிட்டு நிக்கிற, கால் வலிக்காதா?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. வலிக்கும்மா, உயிர் போகும்மா என்று சொல்லியிருந்தால் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும்? 'எங்க, காட்டு பாக்கலாம்.' அந்த நினைப்பிலேயே முகம் சூடாகியது. பக்கத்தில் இரண்டு விற்பனைப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"எனக்கா?" என்று சிரித்தாள். "சும்மா பஞ்சு மாதிரி இருக்கும்மா. தோல்தானே, போடப் போட விட்டுக்கொடுக்கும்."

தையல்காரம்மா நம்பினார். வாங்கிக்கொண்டு போனார்.

அவர் மறுபடி வந்தது ஆறு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். கூட மருமகள். தையல்காரம்மா கைத்தடியோடு, துணிப் பட்டை வைத்த திறந்த செருப்பில், ஒவ்வொரு அடியாக வந்து சோபாவில் உட்கார்ந்தார். மாடிப்படியில் பெட்டிகளோடு இறங்கிக்கொண்டிருந்த கண்ணளவு அக்காவின் கண் வழக்கம்போல நேரே காலுக்குப் போனது. வலது காலில் பெருவிரல் இருந்தது. அதற்கு அடுத்து ஒரு இடைவெளி இருந்தது.

அவள் திரும்பிப் படியேறிச் சரக்கு அறைக்குள் போய் நின்றுகொண்டாள். பெட்டிகளை அடுக்கினாள். அடுக்கினதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். கீழேயிருந்து ஒரு விற்பனைப் பெண் வந்தாள்.

"அக்கா, ஒரு அம்மா உங்களைத்தான் கேக்கறாங்க. நாங்க காட்டறோம்னு சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. கண்ணாலயே அளவு சொல்லுவாளே, அவதான் வரணுமாம்."

"எனக்குத் தலை சுத்துது. நீயே பாரு."

"ஷூவால கால் புண்ணாகி விரலை எடுத்துட்டாங்களாம்க்கா. பாவமா இருக்கு. டாக்டர் சீட்டு வேற கொண்டாந்திருக்காங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல."

போய்த்தான் ஆக வேண்டியிருந்தது.

தையல்காரம்மா அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பாள்.

"வா வா. உன்னை நம்பித்தான் வந்தேன். பாரு என் கதையை. எனக்குச் சர்க்கரை இருக்கும்மா, பத்து வருஷமா. காலுல உணர்ச்சி குறைஞ்சு போச்சுன்னு இப்பத்தான் சொல்றாங்க. ஆணிக்கு அடியில புண்ணு வந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன், அதுல இருக்கற மருந்து தோலை இன்னும் அரிச்சுப்புடுச்சு. எலும்பு வரைக்கும் போயிடுச்சுன்னு எடுத்துட்டாங்க."

மருமகள் சீட்டை நீட்டினாள். விரல்கள் இருக்கும் இடம் அகலமாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும், மேல்தோல் மிருதுவாக, உள்ளே தையல் துருத்தாமல் இருக்க வேண்டும், குதிகால் தாழ்வாக இருக்க வேண்டும், கால் முன்னால் சறுக்காதபடி கயிறோ பட்டையோ இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கண்ணளவு அக்கா இரண்டு தரம் வாசித்தாள். பெண்கள் பிரிவில் இருந்த நானூறு ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை.

அளவுப் பலகையைக் கொண்டுவந்து மண்டியிட்டாள். "எழுந்து நில்லுங்கம்மா. பாரம் விழுந்தாத்தான் நிஜ அளவு தெரியும்." போன தடவை உட்கார வைத்தே அளந்திருந்தாள். இப்போது நின்றதும் பாதம் பரவியது. அகலம் இரண்டு கோடு கூடியது. தழும்பு இளஞ்சிவப்பாக, இன்னும் பளபளப்பாக இருந்தது. மூன்றாவது விரல் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாயத் தொடங்கியிருந்தது.

ஆண்கள் பிரிவிலிருந்து கயிறு கட்டும் மிருதுவான ஷூ ஒன்றைக் கொண்டுவந்தாள். போட்டதும் மருமகள், "நல்லாத்தானே இருக்கு, இதையே எடுத்துக்கலாம் அத்தை" என்றாள். மேனேஜர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணளவு அக்கா கட்டைவிரலால் முனையை அமுக்கிப் பார்த்தாள். நீளத்தில் இடம் இருந்தது. உயரத்தில் இல்லை. இடது காலின் விரல்களும் லேசாக எழும்பத் தொடங்கியிருந்தன, அவை மேல்தோலைத் தொட்டன. தொட்டாலே போதும், புண் வந்துவிடும்; இந்தக் காலுக்கு அது தெரியவும் தெரியாது.

"என்னம்மா, எப்படி இருக்கு?" என்றார் தையல்காரம்மா.

"இது வேணாம்மா."

"ஏன், இதுவும் போடப் போட விட்டுக்கொடுக்காதா?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அவள் மண்டியிட்டபடியே தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"விட்டுக்கொடுக்காதும்மா. அகலத்துல ஒரு துளி தளரும், அவ்வளவுதான். கூர்முனை கூர்முனையாத்தான் இருக்கும். அன்னைக்கே எனக்கு அது தெரியும்."

"தெரியுமா?"

"உங்க விரலைப் பாத்தேன். ஆணியையும் பாத்தேன். ஆகாதுன்னு தெரியும். என் காலும் இதே மாதிரிதான். வலிக்காதான்னு கேட்டீங்க. வலிக்கும்னு சொன்னா என் காலைப் பாத்துடுவீங்களோன்னு... வெக்கமா இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

மருமகள் எழுந்துவிட்டாள். "வெக்கமா? உங்க வெக்கத்துக்கு எங்க அத்தை விரலைக் குடுத்திருக்காங்களா?"

கடையே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் நடந்து வந்தார். தையல்காரம்மா மருமகளின் கையைப் பிடித்து இழுத்தார். திறந்த செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டார். கைத்தடியை ஊன்றி எழுந்தார். கண்ணளவு அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்கள் கதவு வரைக்கும் போனதைத்தான் பார்த்தாள்.

"என்ன பேசினீங்க வாடிக்கையாளர்கிட்ட?" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார். "நாளைக்குக் கேஸ் போட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க? போங்க, வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள். மண்டியிட்டபோது ஷூவின் முனை மடிந்து அழுத்தியதில் ஆணி பிளந்து ரத்தம் காலுறையோடு ஒட்டியிருந்தது. உரித்தெடுத்தபோது கத்திவிட்டாள். முதல் ஷிஃப்ட் முடித்து உள்ளறையில் படுத்திருந்த புருஷன் ஓடிவந்தார். அவள் துண்டை எடுத்துப் போர்த்துவதற்குள் பார்த்துவிட்டார்.

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். துண்டை விலக்கினார்.

"இது எத்தனை வருஷமா?"

"கடைக்குப் போன நாள்லேர்ந்து. அதுக்கும் முன்னாடியே கொஞ்சம்."

"காலு சில்லுன்னு ஆயிடும்னியே."

"அது பொய்."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றார் அவர். "படுக்கையில என் காலு பட்டாலே வெடுக்குன்னு இழுத்துக்குவியே. என்னைத் தொடப் பிடிக்கலையோன்னு நெனச்சேன். பஸ் ஓட்டற மனுஷன், டீசல் நாத்தம் அடிக்குதோ என்னமோன்னு. இத்தனை வருஷமா வேலை முடிஞ்சு வந்து ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவளுக்கு அது புதுச் செய்தி. தன் வெட்கம் தன்னோடு முடிந்தது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அது ஒரு அம்மாவின் விரல் வரைக்கும் போயிருந்தது. இந்த மனுஷனின் சோப்பு வரைக்கும் போயிருந்தது. அழுகை வந்தது. அவர் பஞ்சும் வெந்நீரும் கொண்டுவந்தார். காலைக் கையில் எடுத்தபோது அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "சும்மா இரு" என்றார்.

மறுநாள் அவரே கால் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த நர்ஸ் வாயாடி. விளக்கை இழுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "பிளேடால செதுக்குனீங்களா? கையைக் குடுங்க, ரெண்டு அடி போடறேன்" என்றாள். பிறகு சின்னக் கத்தியால் ஆணியின் தடித்த தோலைச் சீவினாள். துளியும் வலிக்கவில்லை. நடுவில் மெழுகு போல ஒரு குருத்து இருந்தது. அதையும் எடுத்தாள்.

"இதுதான் உள்ள குத்திக்கிட்டு இருந்துச்சு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. ஆணிங்கறது நோயில்ல. இங்க ஏதோ அழுத்துதுன்னு தோல் தன்னைக் காப்பாத்திக்கத் தடிக்குது. அழுத்தறதை எடுக்காம ஆணியை மட்டும் எடுத்தா, அடுத்த மாசம் திரும்பி வந்து வணக்கம் சொல்லும்."

விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். "இப்படி வளைஞ்சதை ஹாமர் டோன்னு சொல்லுவோம், சுத்தியல் மாதிரி இருக்கறதால. இடது கால்ல இன்னும் கையால நீட்டினா நீளுது. தினம் நீட்டி விடுங்க, இடம் குடுக்கற ஷூ போடுங்க, மேல முத்தாம பாத்துக்கலாம். வலது கால்ல கணு இறுகிப்போச்சு. அது இனிமே தானா நேராகாது. ரொம்பத் தொந்தரவு பண்ணினா ஆபரேஷன் இருக்கு. முதல்ல ஷூவை மாத்திப் பாப்போம்."

பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு நிற்கச் சொன்னாள். பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தாள். அவள் கையோடு கொண்டுவந்திருந்த கறுப்பு ஷூவை எடுத்துப் படத்தின் மேல் வைத்தாள். ஷூவுக்கு இரண்டு பக்கமும் விரலகலத்துக்குப் பாதம் வெளியே நின்றது. முன்னால் அதற்கும் மேல்.

"ஆறரை" என்றாள் நர்ஸ். "அகலப் பாதம். என்ன வேலை பாக்கறீங்க?"

அவள் குனிந்து காலுறையைத் தேடினாள். புருஷன்தான் சொன்னார், "செருப்புக் கடையில." நர்ஸ் சிரிக்க வாயெடுத்தவள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். விரலுக்குப் போடும் மிருதுவான ஒரு உறையும், ஈர ஆணிக்கு நடுவில் வைக்க ஒரு பஞ்சுத் துண்டும் கொடுத்தாள்.

நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டைக் கடையில் காட்டினாள். மேனேஜர் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அவள் கண் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் அகலமான, தட்டையான, கயிறு கட்டின ஷூவோடு பெண்கள் பிரிவில் நிற்கக் கூடாது என்றார். மேல் மாடியில் வேலை ஷூக்களும் நடை ஷூக்களும் விற்கும் மூலைக்கு அனுப்பினார். கீழே இருந்த பெண்கள் ஒருநாள் எட்டிப் பார்த்து, "அக்கா, ஆம்பளை ஷூவா?" என்று சிரித்தார்கள். "ஆமா, ஆறரை" என்றாள். சொன்ன பிறகும் காது மடல் சுட்டது. வெட்கம் உடனே எங்கே போகும்? ஆனால் சொல்லிவிட்டாள்.

மேல் மாடியில் யார் வந்தாலும் எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு காலையும் அளந்தாள். பெரிய காலுக்கு எது சரியோ அதையே கொடுத்தாள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள். காலையில் வந்தவர்களிடம், "சாயங்காலம் வாங்க, அப்பத்தான் கால் வீங்கி நிஜ அளவு தெரியும்" என்றாள். இரண்டு பேரில் ஒருவர் திரும்பி வரவில்லை. மேனேஜர் அதையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் கழித்து மறு பரிசோதனைக்குப் போனபோது, காத்திருக்கும் அறையில் தையல்காரம்மாவும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் தையல்காரம்மா பார்த்துவிட்டார்.

போய் எதிரே நின்றாள். மருமகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றாள்.

தையல்காரம்மா அவள் ஷூவைப் பார்த்தார். பிறகு மெல்லப் பேசினார்.

"மன்னிச்சுட்டேன்னு சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்ல எனக்கு வராது. உன் மேல மட்டும் பழி போடவும் வராது. சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சும் தினம் காலைப் பாக்காதவ நான். ஆனா ஒண்ணுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. எனக்கு வலிக்கல. அது என் வியாதி. உனக்கு வலிச்சுதே. வலிச்சும் சொல்லாம இருந்தியே."

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"மிஷின் பெடலை இப்ப இடது காலாலதான் மிதிக்கறேன். தையல் கோணிக்கிட்டுப் போகுது. பழகிடும்" என்றார் அவர். பிறகு பக்கத்திலிருந்த பையைக் காட்டினார். "இங்க செஞ்சு குடுத்த ஷூ. உள்ள தனி மெத்தை எல்லாம் இருக்கு. சரியா இருக்குன்னு இவ சொல்றா, மகன் சொல்றான். எனக்கோ எதுவும் தெரியாது, பொம்மைக் காலு மாதிரி. நீ பாத்துச் சொல்லு."

"அத்தை!" என்றாள் மருமகள்.

"பாக்கட்டும். தெரிஞ்சவதானே."

கண்ணளவு அக்கா அந்த அறையின் தரையில் உட்கார்ந்தாள். ஷூவைத் திருப்பி உள்ளே கையை விட்டுத் தடவினாள். தையல் எதுவும் துருத்தவில்லை. மாட்டி, கயிறு கட்டி, எழுந்து நிற்கச் சொன்னாள். வலது கால் நன்றாக இருந்தது. இடது காலின் முனையை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள்.

"இடது கால்ல நடு விரல் மேல தொடுது. கொஞ்சந்தான். உள்ள போனதும் சொல்லுங்க, உயரம் பத்தலைன்னு. இதைப் போட்டுக்கிட்டு நடக்காதீங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமாம்மா."

மருமகள் குனிந்து, அவள் காட்டிய இடத்தில் தானும் அமுக்கிப் பார்த்தாள். ஷூவின் கயிற்றை அவிழ்த்து, கழற்றிப் பையில் வைத்தாள். உள்ளேயிருந்து நர்ஸ் தையல்காரம்மாவைக் கூப்பிட்டாள். மருமகள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். கதவு மூடுவதற்குள் அந்தப் பெண் நர்ஸிடம், "இடது கால்ல உயரம் பத்தலையாம், கொஞ்சம் பாருங்க" என்று சொல்வது வெளியே கேட்டது.